ஆறு நாள் இழப்பு, பதினான்கு நாள் கோரிக்கை: ஆய்வேட்டுக் கால நீட்டிப்பு மின்னஞ்சல் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

தென்மாவட்டக் கல்லூரி ஒன்றின் தமிழ்த்துறையில், முதுகலை இரண்டாமாண்டு மாணவி ஒருவர் தம் நெறியாளரான பேராசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சலைப் பற்றியது இந்தப் பதிவு. மடல் எழுத வேண்டிவந்த சூழல், அனுப்பாமல் விடப்பட்ட முதல் வரைவு, அனுப்பிய வரைவு, பேராசிரியரின் முடிவு, அதன்பின் நடந்தவை ஆகியவை நடந்த வரிசையிலேயே தரப்படுகின்றன. சம்பந்தப்பட்டவர்களை அடையாளம் காட்டும் விவரங்கள் நீக்கப்பட்டுள்ளன.

## பின்னணி

மாணவியின் ஆய்வேடு தூத்துக்குடிக் கடற்கரை உப்பளத் தொழிலாளர்களின் வழக்குச் சொற்களைப் பற்றியது. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, தை மாதத்தில் பாத்திகளைச் சீர்செய்யத் தொடங்கும்போதுதான் உப்பளங்களில் ஆட்களைப் பார்க்க முடியும். வெயிலுக்கு அஞ்சி விடியலுக்கு முன்பே வேலைக்கு இறங்குபவர்கள் அவர்கள். பேட்டி என்றால் முற்பகல் வேலை முடிந்த பிறகுதான். அதனால் ஜனவரி, பிப்ரவரி இரு மாதமும் களப்பணிக்கே போயின. 12 தகவலாளர்களிடம் மொத்தம் 9 மணி நேரப் பேச்சு பதிவாகியிருந்தது.

நான்கு இயல்கள் திட்டமிடப்பட்டிருந்தன. முதல் இயல் களமும் ஆய்வு முறையும். இரண்டாவது உப்பு விளைவிக்கும் நடைமுறை. மூன்றாவது சொற்களின் வகைப்பாடு, நான்காவது சொல்லமைப்பு. இறுதியில் சொற்பட்டியலும் பேச்சின் எழுத்தாக்கமும் பின்னிணைப்பாக வரும். முதல் இரண்டு இயல்களுக்குக் களக்குறிப்பேடு போதும். மூன்றாவதும் நான்காவதும் எழுத்தாக்கம் முடிந்தால்தான் நகரும். இந்த நிகழ்வில் பின்னால் எடுத்த முடிவுகள் எல்லாவற்றுக்கும் இந்த வேறுபாடே அடிப்படை.

அவர் முன் மூன்று கெடுக்கள் இருந்தன. நெறியாளரிடம் முழு வரைவு தர வேண்டிய நாள் மார்ச் 28. அச்சிட்டு நூலாகக் கட்டமைத்த படிகளைத் துறையில் ஒப்படைக்கும் நாள் ஏப்ரல் 21. துறை அவற்றைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் நாள் ஏப்ரல் 25. முதல் கெடு நெறியாளர் தாமே வைத்தது. இரண்டாவது துறைத்தலைவருடையது. மூன்றாவதைக் கல்லூரியில் யாராலும் நகர்த்த முடியாது. மாணவர்கள் பேச்சில் மூன்றும் ‘சப்மிஷன் டேட்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. எந்தக் கெடுவை நீட்டிக்கக் கேட்கிறோம், அது யார் கையில் இருக்கிறது என்பது தெளிவாகாமல் மடல் எழுத உட்கார்ந்தால், தரவே முடியாத ஒன்றைத் தர முடியாதவரிடம் கேட்கும்படி ஆகிவிடும்.

## கவனிக்கப்பட்டவை

மார்ச் 12 வரை 4 மணி நேரப் பேச்சே எழுத்தாகியிருந்தது. மறுநாள் மாணவியின் தாயாருக்கு அறுவை சிகிச்சை. மார்ச் 13 முதல் 18 வரை மருத்துவமனையில் உடனிருக்க வேறு ஆள் இல்லை. வீடு திரும்பிய பிறகும், 19 முதல் 24 வரை, நாளொன்றுக்கு 2 மணி நேரமே உட்கார முடிந்தது. அந்த ஆறு நாளில் இன்னும் இரண்டரை மணி நேரப் பேச்சு எழுத்தானது. மீதி இரண்டரை மணி நேரம்.

24ஆம் தேதி மாலை, அவகாசம் கேட்டாக வேண்டும் என்ற நிலையில் அவர் எழுதிய முதல் வரைவு இது:

> பொருள்: கால அவகாசம் வேண்டி விண்ணப்பம்
>
> மதிப்பிற்குரிய பேராசிரியர் அம்மா அவர்களுக்கு, வணக்கம். நான் தங்கள் மேற்பார்வையில் முதுகலை இரண்டாமாண்டு பயின்று வருகிறேன். கடந்த சில நாட்களாக அம்மாவின் உடல்நிலை மிகவும் சரியில்லாத காரணத்தினால் ஆய்வேட்டுப் பணியில் முழுமையாக ஈடுபட இயலவில்லை. மிகுந்த மன உளைச்சலில் உள்ளேன். எனவே தாங்கள் பெரிய மனது கொண்டு எனக்கு இரண்டு வாரக் கால அவகாசம் வழங்குமாறு தங்கள் பாதம் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.
>
> இப்படிக்கு, தங்கள் கீழ்ப்படிந்துள்ள மாணவி

இதில் மரியாதைக்குக் குறைவில்லை, பொய்யும் இல்லை. ஆனாலும் இதைப் படிக்கும் பேராசிரியரால் இதை வைத்து ஒரு முடிவும் எடுக்க முடியாது. பள்ளியில் எழுதிப் பழகிய விடுப்பு விண்ணப்பத்தின் அச்சு இது. அந்த அச்சில் கோரிக்கை கடைசி வரியில்தான் வரும், காரணம் ஒற்றைத் தொடரில் முடியும். ஒரு நாள் விடுப்புக்கு அது போதும், ஏனென்றால் அங்கே ஆசிரியர் முடிவு செய்ய வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. ஆய்வேட்டுக்கு அவகாசம் தருவது என்பது பேராசிரியர் தம் படிக்கும் நாட்களை விட்டுக்கொடுப்பது. எத்தனை நாளை விட்டுக்கொடுக்கிறோம், அதன்பின் எத்தனை மிஞ்சும் என்று தெரியாமல் அவர் எப்படிச் சரி சொல்வார்?

துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மூத்த மாணவி ஒருவரிடம் அந்த வரைவைக் காட்டியபோது, அவர் முதலில் கேட்டது ஒரே கேள்வி: “ஆஸ்பத்திரியில ஆறு நாள். நீ கேக்குறது பதினாலு நாள். மீதி எட்டு நாள் எதுக்கு?”

மாணவிக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் கூச்சம். ஒரு மணி நேரப் பதிவை எழுத 2 மணி நேரம் ஆகும் என்று அவர் ஜனவரியில் கணக்கிட்டிருந்தார். உண்மையில் 5 மணி நேரம் ஆனது. வட்டார வழக்கில், காற்றிரைச்சலோடு, இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசும் பதிவை ஒலி பிசகாமல் எழுத, ஒரே தொடரை நான்கைந்து முறை திரும்பக் கேட்க வேண்டியிருக்கிறது. 9 மணி நேரத்துக்கு 18 மணி நேர உழைப்பு என்று நினைத்தது 45 மணி நேரமாகிவிட்டது. கூடுதல் 27 மணி நேரம். அவர் வழக்கமாக உட்காரும் நாலரை மணி நேரத்தால் வகுத்தால் 6 நாள்.

ஆக மருத்துவமனைக்கு 6, கணக்குப் பிழைக்கு 6, மொத்தம் 12. மீதி இரண்டு நாளுக்குக் கணக்கே இல்லை. ‘இரண்டு வாரம்’ என்பது வாயில் வந்த எண்.

இங்கே கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். இத்தகைய மடல்கள் அதிகம் சறுக்கும் இடம் இதுதான். உண்மையான துயரம் ஒன்று இருக்கும்போது, மற்ற தாமதத்தையும் அதன் பின்னால் நிறுத்திவிடத் தோன்றும். படிப்பவருக்கோ மாணவியின் வேலை பிப்ரவரி முதலே மெதுவாகப் போவது தெரியும். காரணத்துக்கும் நாட்களுக்கும் பொருத்தம் இல்லை என்று பட்டதும், உண்மையாக நடந்த ஆறு நாளின் மீதும் அவருக்கு ஐயம் வந்துவிடும். பிழையைத் தனியே எடுத்துச் சொன்னால்தான் மருத்துவமனை நாட்களுக்கு உரிய மதிப்பு கிடைக்கும்.

இன்னொரு சிக்கல், முதல் வரைவில் தெரியாத ஒன்று. மார்ச் 28க்கும் ஏப்ரல் 21க்கும் இடையே 24 நாள். நெறியாளர் முழு வரைவைப் படிக்க 10 நாள், திருத்த 4, பிறர் எழுத்தோடு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று நூலகத்தில் பார்க்கும் ஒப்புமைச் சோதனைக்கு 3, அச்சுக்கும் கட்டமைப்புக்கும் 2, கையொப்பங்களுக்கு 1. மொத்தம் 20. மிச்சம் 4 நாள். ஒப்புமைச் சோதனையைத் தவிர்க்கவும் முடியாது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைகள் முதுகலை ஆய்வேட்டுக்கும் பொருந்தும். 10 விழுக்காடு வரையான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை, அதைத் தாண்டி 40 விழுக்காடு வரை போனால் திருத்தி மறுபடி தர வேண்டும். ஆகவே முழு வரைவையே இரண்டு வாரம் தள்ளிவைத்தால், பேராசிரியர் படிக்க வைத்திருந்த பத்து நாளும் அப்படியே போய்விடும். மாணவி கேட்க நினைத்தது அதையல்ல. ஆனால் மடல் கேட்டது அதைத்தான்.

## எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மூத்த மாணவியும் இவரும் உட்கார்ந்து பேசி, கோரிக்கையின் வடிவத்தையே மாற்றினார்கள். எழுத்தாக்கம் தேவைப்படாத முதல் இரண்டு இயல்களை மார்ச் 28 அன்றே கொடுத்துவிடுவது. மீதியை இரண்டு தவணையாகத் தருவது. இப்படிச் செய்தால் பேராசிரியர் குறித்த நாளில் படிக்கத் தொடங்கலாம், அவர் முதல் இரண்டு இயல்களைப் படிக்கும் வாரத்தில் இவர் மூன்றாவதை முடிக்கலாம். மாணவிக்குக் கிடைப்பது 12 நாள், பேராசிரியர் இழப்பது அதைவிட மிகக் குறைவு.

நோயின் பெயரை எழுதுவதா என்ற கேள்வி வந்தது. வேண்டாம் என்று முடிவானது. முடிவெடுக்கத் தேவைப்படுவது தேதிகளே. மருத்துவமனை வெளியேற்றச் சுருக்கத்தில் தாயாரின் உடல்நிலை பற்றிய எல்லாமே இருக்கும். பேராசிரியர் கேட்காமலே அதை இணைப்பது தாயாரின் தனியுரிமைக்கு நல்லதல்ல. கேட்டால் காட்டுகிறேன் என்று ஒரு வரி மட்டும் சேர்ந்தது.

‘பாதம் பணிந்து’, ‘பெரிய மனது கொண்டு’ ஆகியவை நீங்கின. பணிவைக் குறைப்பதற்காக அல்ல. பேராசிரியரின் மனதைப் பற்றிப் பேசும் தொடர்கள், மறுத்தால் அவர் கல்நெஞ்சர் என்றாகும்படி அவரை ஓர் ஓரத்தில் தள்ளுகின்றன. ‘அனுமதி வேண்டுகிறேன்’ என்பதில் மரியாதை முழுமையாக இருக்கிறது, மறுப்பதற்கான இடமும் இருக்கிறது. சின்னதாக இன்னொரு திருத்தம்: தமிழ்த்துறையில் பேராசிரியரை ‘அம்மா’ என்றே அழைப்பது வழக்கம். பெற்றவரையும் ‘அம்மா’ என்று எழுதினால் ‘அம்மாவின் உடல்நிலை’ யாருடையது என்று ஒரு கணம் குழம்பும். ‘என் தாயார்’ என்று மாற்றினார்கள்.

பொருள் வரியில் ‘கால அவகாசம்’ என்று பொதுவாக இருந்ததும் மாறியது. கைப்பேசியின் அறிவிப்பில் பொருள் வரியின் முதல் சில சொற்களே தெரியும். எந்த ஆய்வேட்டின் எந்தப் பகுதி, எந்த நாள் என்பது அங்கேயே தெரிந்தால், மடலைத் திறக்கும் முன்பே பேராசிரியருக்கு விஷயம் பிடிபட்டுவிடும்.

எழுத்துருவிலும் ஒரு தடை வந்தது. மாணவி துறைக் கணினியில் பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தார். அதை மடலில் ஒட்டி, முதலில் தமக்கே அனுப்பிப் பார்த்தபோது ‘வணக்கம்’ என்ற இடத்தில் `tzf;fk;` என்று வந்தது. பாமினி ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களைப் பொருத்திக் காட்டும் பழைய எழுத்துரு. அது நிறுவப்படாத கருவியில் அடியில் இருக்கும் ஆங்கிலக் குறிகளே தெரியும். மடலை யூனிகோடில் புதிதாகத் தட்டச்சு செய்தார்கள். இயல்களை வேர்டு கோப்போடு பி.டி.எஃப் ஆகவும் அனுப்புவதென்று முடிவாயிற்று. பி.டி.எஃபில் எழுத்துருவைப் பதித்து அனுப்பினால் எந்தக் கருவியிலும் அது மாறாது.

## அனுப்பிய மின்னஞ்சல்

மார்ச் 25 காலை அனுப்பியது:

> பொருள்: ஆய்வேடு இயல் 3, 4: ஏப்ரல் 9 வரை அவகாசம் வேண்டல் (முதுகலை II, உப்பளச் சொற்கள்)
>
> அம்மா, வணக்கம்.
>
> உப்பளத் தொழிலாளர் வழக்குச் சொற்கள் ஆய்வேட்டின் முழு வரைவை மார்ச் 28 அன்று தரச் சொல்லியிருந்தீர்கள். இயல் 1, 2 ஆகியவற்றை (34 பக்கம்) அன்றே தந்துவிடுவேன். இயல் 3ஐ ஏப்ரல் 4 அன்றும், இயல் 4ஐயும் பின்னிணைப்பையும் ஏப்ரல் 9 அன்றும் தர அனுமதி வேண்டுகிறேன்.
>
> தாமதத்துக்கு இரண்டு காரணங்கள். என் தாயாருக்கு அறுவை சிகிச்சை நடந்ததால் மார்ச் 13 முதல் 18 வரை மருத்துவமனையில் உடனிருந்தேன். அந்த 6 நாளும் வேலை நடக்கவில்லை. இரண்டாவது என் கணக்குப் பிழை. ஒரு மணி நேரப் பதிவை 2 மணி நேரத்தில் எழுதிவிடலாம் என்று நினைத்தேன், 5 மணி நேரம் ஆகிறது. இதில் மேலும் 6 நாள் தேவைப்படுகிறது.
>
> இன்றைய நிலை: 9 மணி நேரப் பதிவில் ஆறரை மணி நேரம் எழுதிவிட்டேன். மீதி இரண்டரை மணி நேரத்தை நாளுக்கு 3 மணி நேரம் உழைத்து மார்ச் 29க்குள் முடிப்பேன். இயல் 3இல் பாதி எழுதியாயிற்று. இயல் 4க்குக் குறிப்புகள் மட்டுமே உள்ளன.
>
> நீங்கள் ஏப்ரல் 11க்குள் கடைசி இயலைத் திருப்பித் தந்தால் 13க்குள் திருத்தி, 16க்குள் ஒப்புமைச் சோதனை முடித்து, 18க்குள் கட்டமைத்து, 21 அன்று துறையில் ஒப்படைத்துவிட முடியும் என்று கணக்கிட்டிருக்கிறேன். இதில் உங்களுக்குப் படிக்கக் கிடைக்கும் நாள் போதாது என்றால் சொல்லுங்கள் அம்மா. அதற்கேற்ப மாற்றிக்கொள்கிறேன்.
>
> ஒரு கேள்வி. மீதிப் பதிவில் சுமார் ஒரு மணி நேரம் முன்பே கிடைத்த சொற்களே திரும்ப வருகின்றன. அதை முழுதும் எழுத வேண்டுமா, சொற்களை மட்டும் எடுத்தால் போதுமா?
>
> மருத்துவமனைச் சான்று தேவைப்பட்டால் நேரில் கொண்டு வருகிறேன்.
>
> நன்றியுடன்,
> (பெயர், பதிவு எண், கைப்பேசி எண்)

கோரிக்கை முதல் பத்தியிலேயே வந்துவிடுகிறது. அதற்குள்ளும் முதலில் வருவது குறித்த நாளில் தரப்போவது, பிறகே தள்ளிப்போவது. ‘இன்றைய நிலை’ப் பத்தி, கேட்ட தேதி எங்கிருந்து வந்தது என்று காட்டுகிறது. இயல் 4க்குக் குறிப்புகள் மட்டுமே என்று ஒளிக்காமல் சொன்னது துணிவான வரி. ‘முக்கால்வாசி முடிந்தது’ என்று எழுதியிருந்தால் பேராசிரியர் அந்த முக்கால்வாசியை அனுப்பச் சொல்லியிருப்பார்.

கடைசிக் கேள்வியையும் கவனிக்க வேண்டும். எழுத்தாக்கத்தைக் குறைத்துக்கொள்வது ஆய்வின் அளவை மாற்றும் முடிவு. மாணவி தாமாகவே அதைக் குறைத்துக்கொண்டு நாளைச் சேமித்திருக்கலாம். அப்படிச் செய்திருந்தால் வாய்மொழித் தேர்வில் பதில் சொல்ல வேண்டியவர் நெறியாளரும்தான்.

## பேராசிரியரின் பதில்

அன்று மாலையே பதில் வந்தது:

> வணக்கம். மடல் கிடைத்தது. தாயாரைக் கவனித்துக்கொள்.
>
> இயல் 1, 2 மார்ச் 28. இயல் 3 ஏப்ரல் 4. இவை சரி. இயல் 4 ஏப்ரல் 7க்குள் வேண்டும், 9 முடியாது. ஏப்ரல் 13 ஞாயிறு, 14 சித்திரை முதல் நாள், 18 புனித வெள்ளி. கணக்கை மறுபடி போட்டுப் பார்.
>
> பின்னிணைப்பில் முழு எழுத்தாக்கம் வேண்டாம். இயல் 3இல் எடுத்தாளும் பகுதிகள் மட்டும் போதும். சொற்பட்டியல் முழுதாக இருக்க வேண்டும். எதன்படி பகுதிகளைத் தேர்ந்தாய் என்று இயல் 1இல் ஒரு பத்தி எழுது. சான்று வேண்டாம்.

கேட்டது அப்படியே கிடைக்கவில்லை, ஆனால் தேவைப்பட்டது கிடைத்தது. மாணவியின் அட்டவணையில் ஒரு ஓட்டை இருந்தது. நாட்களை எண்ணியவர் வேலை நாட்களை எண்ணவில்லை. ஏப்ரல் 13 அன்று திருத்தி முடித்தால் நூலகம் அதை 15 அன்றுதான் வாங்கும், 17 மாலைதான் திருப்பித் தரும். மறுநாள் புனித வெள்ளி. தூத்துக்குடிப் பக்கம் அன்று அச்சகமோ கட்டமைப்புக் கடையோ திறந்திருக்கும் என்று நம்ப முடியாது. சனிக்கிழமை கொடுத்தால் திங்கள் காலை, அதாவது ஒப்படைக்க வேண்டிய 21ஆம் தேதியே, படிகள் கைக்கு வரும். ஒப்புமைச் சோதனையில் ஒரு திருத்தம் வந்தாலும் எல்லாம் கவிழ்ந்துவிடும்.

ஏப்ரல் 7 என்றால் 9 அன்று திருத்தம் கையில், 11 வெள்ளிக்கிழமை காலை நூலகத்தில். 12 இரண்டாம் சனி. 11, 15, 16 என்று மூன்று வேலை நாள். 17 அன்று அச்சு, 19 அன்று கட்டமைத்த படி. இரண்டு நாள் முன்னால் இழுத்ததில் ஒரு நாள் மூச்சுவிட இடம் கிடைத்தது. அந்த இரண்டு நாளை ஈடுகட்டத்தான் எழுத்தாக்கத்தைக் குறைக்க அனுமதி. மாணவி கேள்வியாக வைத்த ஒரு வரிதான் பேராசிரியருக்கு இந்த வழியைத் திறந்துவிட்டது.

## தொடர்ந்து நடந்தவை

இயல் 1, 2 மார்ச் 28 அன்று போய்ச் சேர்ந்தன. மூன்றாவது ஏப்ரல் 4 அன்று. நான்காவது 7ஆம் தேதி இரவு, நள்ளிரவுக்குச் சற்று முன். முந்தைய இயல்களின் திருத்தங்கள் அதற்குள் வந்துவிட்டதால், கடைசியில் திருத்த வேண்டியிருந்தது ஒரே ஒரு இயல்தான்.

இடையில் எதிர்பாராத ஒன்று நடந்தது. மார்ச் 28 அன்று யார் யார் வரைவு தந்தார்கள் என்று துறைத்தலைவருக்கு ஒரு பட்டியல் போனது. முழு வரைவு வராததால் இவர் பெயர் ‘தராதவர்’ வரிசையில் இருந்தது. ஏப்ரல் 1 அன்று துறைத்தலைவர் அழைத்துக் கேட்டார். மாணவி கைப்பேசியில் பேராசிரியரின் பதிலைக் காட்டி, அங்கேயே அதைத் துறை மின்னஞ்சலுக்கு முன்னனுப்பினார். பெயர் திருத்தப்பட்டது. பேராசிரியர் நடைவழியில் “சரி, எடுத்துக்கோம்மா” என்று வாய்மொழியாகச் சொல்லியிருந்தால் அன்று காட்ட ஒன்றும் இருந்திருக்காது.

ஒப்புமைச் சோதனையில் சிக்கல் வரவில்லை. கட்டமைத்த படிகள் 19 அன்று கைக்கு வந்தன, 21 அன்று துறையில் ஒப்படைக்கப்பட்டன. வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் எழுத்தாக்கம் ஏன் முழுதாக இல்லை என்று கேட்டார். முதல் இயலில் சேர்த்த அந்தப் பத்தியைக் காட்டி மாணவி பதில் சொன்னார். அதோடு அந்தக் கேள்வி முடிந்தது. ஒலிப்பதிவு முழுவதையும் துறை நூலகத்தில் வைக்க வேண்டும் என்று மட்டும் தேர்வாளர் சொன்னார்.

## மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

மடல் ஆறு நாள் தாமதம். மார்ச் 19 அன்று வீடு திரும்பியபோதே அவகாசம் தேவைப்படும் என்பது தெரிந்திருந்தது. எவ்வளவு என்றுதான் தெரியவில்லை. அந்த எண் தெரியட்டும் என்று காத்திருந்ததில் ஒரு வாரம் போயிற்று. 19 அன்றே, ‘ஆறு நாள் இழந்துவிட்டேன், எத்தனை நாள் தேவை என்று 22ஆம் தேதிக்குள் கணக்கிட்டு எழுதுகிறேன்’ என்று இரண்டு வரி போயிருந்தால், பேராசிரியர் தம் படிக்கும் அட்டவணையை முன்கூட்டியே மாற்றியிருப்பார். கெடுவுக்கு மூன்று நாள் முன்பு வந்த மடலுக்கு அன்றே பதில் கிடைத்தது இவருடைய நல்வாய்ப்பு. பேராசிரியர் விடைத்தாள் திருத்தும் பணிக்கு வெளியூர் போயிருந்தால் 28ஆம் தேதி பதிலின்றியே கடந்திருக்கும்.

மடலின் நகல் துறைத்தலைவருக்குப் போயிருக்க வேண்டுமா என்று கேட்கலாம். முதல் மடலிலேயே போட்டிருந்தால், நெறியாளர் முடிவு செய்யும் முன்பே மேலே கொண்டுபோனதாகத் தோன்றியிருக்கும். சரியான நேரம் பதில் வந்த பிறகு. ‘தங்கள் அனுமதியைத் துறைக்கும் தெரிவிக்கலாமா அம்மா?’ என்று கேட்டு, அந்தப் பதிலையே மார்ச் 28க்கு முன் துறை மின்னஞ்சலுக்கு அனுப்பியிருந்தால் ஏப்ரல் 1 அழைப்பே வந்திருக்காது.

அட்டவணையை நாட்காட்டியோடு ஒப்பிட்டிருக்க வேண்டும். நூலகத்தின் மூன்று நாள் என்பது மூன்று வேலை நாள். ஏப்ரலில் இந்த வேறுபாடு பெரிது.

எழுத்தாக்கக் கணக்கையும் ஜனவரியிலேயே சரிபார்த்திருக்கலாம். முதல் பேட்டி முடிந்த அன்றே அதில் 10 நிமிடத்தை மட்டும் எழுதி, கடிகாரத்தைப் பார்த்திருந்தால் போதும். 50 நிமிடம் ஆகியிருக்கும். 9 மணி நேரம் பதிவு செய்வதா, 5 மணி நேரத்தோடு நிறுத்துவதா என்ற கேள்வி களத்தில் இருக்கும்போதே எழுந்திருக்கும்.

இந்த வழி எங்கே உதவாது என்பதையும் சொல்ல வேண்டும். முதல் கெடு நெறியாளருடையது என்பதால்தான் அவரால் பிரித்துக் கொடுக்க முடிந்தது. இதே மாணவி ஏப்ரல் 20 அன்று இதே நிலையில் இருந்திருந்தால், எவ்வளவு தெளிவாக எழுதினாலும் நெறியாளரால் ஒன்றும் செய்திருக்க முடியாது. அப்போது மடல் துறைத்தலைவர் வழியாகப் பல்கலைக்கழகத் தேர்வாணையருக்குப் போக வேண்டும். அதற்கு நெறியாளரின் பரிந்துரையும் மருத்துவச் சான்றும் கட்டாயம் இணைய வேண்டும். நாட்கணக்கைவிட அங்கே ஆவணங்களே பேசும்.

அடுத்த கல்வியாண்டு முதல் அந்தத் துறையில் களப்பணி ஆய்வேடு எடுப்பவர்கள், முதல் பேட்டிக்குப் பின் 10 நிமிட எழுத்தாக்கத்தையும் அதற்கு எடுத்த நேரத்தையும் நெறியாளரிடம் காட்ட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.